183.5 வர வேண்டியது 165.8 ஆனது எப்படி?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: விலைக் குறியீட்டெண் கணக்கில் விடை 183.5 என்று போட்டிருக்கிறது, எனக்கோ 165.8 தான் வருகிறது, அச்சுப் பிழையா? நிறைகள் இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் (2012=100) அகில இந்திய நிறைகளேதான்; விலைச் சார்புகள், அதாவது 2012 விலையை 100 என்று வைத்தால் இப்போது எவ்வளவு என்பவை, பயிற்சிக்காகப் போட்டவை.

| குழு | நிறை | விலைச் சார்பு | பெருக்கி, 100 ஆல் வகுத்தால் |
|---|---|---|---|
| உணவு, பானங்கள் | 45.86 | 190 | 87.1 |
| பான், புகையிலை, மது | 2.38 | 200 | 4.8 |
| உடை, காலணி | 6.53 | 185 | 12.1 |
| வீட்டு வசதி | 10.07 | 175 | 17.6 |
| எரிபொருள், விளக்கு | 6.84 | 180 | 12.3 |
| இதர | 28.32 | 175 | 49.6 |

கடைசிப் பத்தியைக் கூட்டினால் 183.5, அட்டவணை சரிதான். வாசகருக்குக் குறைந்தது 17.7. அதற்கு நெருக்கமான வரி வீட்டு வசதி மட்டுமே, 17.6. இந்த 2012 தொடரின் கிராமப்புற அட்டவணையில் வீட்டு வசதிக்கு நேரே கோடுதான் இருந்தது (அங்கே அந்தக் குழுவையே கணக்கில் சேர்க்கவில்லை), அதைப் பார்த்துப் பழகி இங்கும் விட்டிருக்கிறார். சரி, விட்டால் விட்டதுதான், ஆனால் வகுப்பதை 100 ஆல் வகுத்துவிட்டார். கிராமப்புறத்தில் மற்ற ஐந்து நிறைகளே 100 ஆகும்படி மாற்றியிருப்பார்கள், இங்கே ஐந்தும் சேர்ந்து 89.93 தான். அதனால் முதலில் நிறைகளைக் கூட்டிப் பாருங்கள், அப்புறம்தான் பெருக்கல்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. விடை பொருந்திவிட்டால் எல்லா வரியும் சரி என்று ஆகிவிடுமா? பான், புகையிலை வரியில் 200 க்குப் பதில் 203 என்று தவறாக அடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஐ 2.38 ஆல் பெருக்கி 100 ஆல் வகுத்தால் 0.07 தான். முழுத் துல்லியத்தில் 183.47 ஆக இருந்தது 183.54 ஆகும், ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் அதே 183.5! தப்பு சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். அதே 3 உணவில் விழுந்தால் 184.8, உடனே மாட்டிக்கொள்ளும். நிறை எவ்வளவு குறைவோ அவ்வளவு பெரிய பிழையை அந்த வரி ஒளித்துவைக்கும்.

தலைகீழாகவும் இதே கதைதான். வீட்டு வசதியின் சார்பு அழிந்துபோய்விட்டால் 183.5 ஐ வைத்துத் திரும்பக் கண்டுபிடிக்கலாம், ஆனால் 183.5 என்பது 183.45 முதல் 183.55 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதால் விடை 174.8 க்கும் 175.8 க்கும் நடுவே எங்கோ என்றுதான் கிடைக்கும். 175.3 என்று ஒரே எண்ணை எழுதி அடிக்கோடு போடுவது எனக்கு உடன்பாடில்லை.

இந்த நிறைகளே 2011-12 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை, அவற்றை வைத்துக்கொண்டு தசமத்துக்குச் சண்டை போடுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

பான், புகையிலை வரியை நிஜமாகவே சோதிக்க வேண்டுமென்றால் மொத்த எண்ணை விட்டுவிடுங்கள். அந்தக் குழுவுக்குள் இருக்கும் பொருட்களின் நிறைகள் கூட்டினால் 2.38 வருகிறதா என்று பார்த்து, அதே கணக்கை அங்கே போடுங்கள், வகுப்பது 2.38 ஆல், 100 ஆல் அல்ல.