பீரோவில் 40 பவுன் இருந்ததற்கு என்ன ஆதாரம்?

வீட்டில் திருட்டு நடந்தபின் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வருகிறார். காணாமல் போன நகைகளின் பட்டியலை வாங்கிப் பார்க்கிறார். அடுத்து அவர் கேட்பது பில். பல வீடுகளில் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அம்மா போட்டு அனுப்பிய அட்டிகை, பழையதைக் கொடுத்து மாற்றிய வளையல், சீட்டு கட்டி எடுத்த ஆரம் என்று பல வருடங்களில் சேர்ந்த நகைக்குப் பாதி பில்கூட கையில் இருப்பதில்லை. இருக்கும் பில்லும் அந்த நகைகளோடு அதே பீரோவில் இருந்து, பையோடு போயிருக்கும்.

அதற்கும் முன்னால், பாலிசியில் நகை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கடனோடு வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும்தான். 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியிலும் நகை தானாக வராது. விலையுயர்ந்த பொருள்களுக்கான கூடுதல் பாதுகாப்பைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும், அந்த அடிப்படைப் பாலிசியில் திருட்டுக்குப் பணம் கிடைப்பது தீ, வெள்ளம் போன்ற விபத்தை ஒட்டி 7 நாளுக்குள் நடந்தால்தான். சாதாரண நாளில் பூட்டை உடைத்துப் போனதற்கு, கன்னக்களவுப் பாதுகாப்பைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். கல்யாண மண்டபத்திலோ பயணத்திலோ தொலைவதற்கு 'ஆல் ரிஸ்க்' வகை பாலிசி தேவை. அதிலும் ஆளில்லாத காரில் வைத்துவிட்டுப் போனது, எப்படிப் போனது என்றே தெரியாமல் மறைந்தது போன்றவற்றை விலக்கு என்று எழுதியிருப்பார்கள்.

இனி பில். கடையில் 'எஸ்டிமேட்' என்று தரும் துண்டுச் சீட்டு பில் ஆகாது. கடையின் ஜி.எஸ்.டி. எண், தேதி, வாங்கியவர் பெயர், மொத்த எடை, கல் நீக்கிய நிகர எடை, தூய்மை, செய்கூலி, சேதாரம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். கல் எடையைப் பிரித்துக் காட்டாத பில்லால் பின்னால் தொல்லை வரும். 40 கிராம் அட்டிகையில் 7 கிராம் கல் என்றால் தங்கத்துக்கான கணக்கு 33 கிராமுக்குத்தான். பழைய நகையைக் கொடுத்து மாற்றியிருந்தால் அந்தக் கழிவும் பில்லில் இருக்கும். அதைக் கிழித்துப் போடாதீர்கள். தாளில் எழுத்து மங்கும் வகை பில்லாக இருந்தால் வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். சில வருடத்தில் வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும்.

அண்மையில் வாங்கியது என்றால் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. முத்திரை இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை இந்த எண் இல்லாமல் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும் குந்தன், போல்கி வகைக்கும் விலக்கு உண்டு. பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைப் போட்டால் எந்தக் கடை, என்ன தூய்மை, என்ன வகை நகை என்று வரும். அது யாருடையது என்று மட்டும் வராது. அதனால் இந்த எண் பில்லுக்குத் துணை நிற்குமே தவிர, பில்லின் இடத்தைப் பிடிக்காது. எண்ணைத் தனியே குறித்து வைத்தால் போலீஸ் புகாரிலும் எழுதலாம். மீட்ட நகை உங்களுடையதா என்று சொல்ல இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது அரிது.

பில்லே இல்லாத பாட்டி நகைக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ்தான் வழி. அங்கீகாரம் பெற்ற நகை மதிப்பீட்டாளரிடம் ஒவ்வொரு நகையும் தனி வரியாக வரும்படி கேளுங்கள்: படம், மொத்த எடை, நிகர எடை, தூய்மை, அதை எந்த முறையில் சோதித்தார், கல்லின் வகையும் எண்ணிக்கையும், அன்றைய கிராம் விலை. 'தங்க நகைகள், சுமார் 40 பவுன்' என்று ஒரே வரியில் தரும் சான்றிதழை வைத்து, ஐந்து நகை மட்டும் போனால் எதைக் கணக்குப் போடுவது? அடகு வைக்கும்போது வங்கி போடும் மதிப்பையும் இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அடகில் செய்கூலியும் கல்லும் கணக்கில் வராது. காப்பீட்டுக்கு வேண்டியது அதே நகையைத் திரும்ப வாங்க ஆகும் தொகை. ஆனால் பழைய அடகுச் சீட்டுகளை வைத்திருங்கள். எந்தத் தேதியில் எந்த நகை என்ன எடையில் உங்களிடம் இருந்தது என்று மூன்றாமவர் எழுதிய தாள் அது. பலரும் நினைக்காத ஆதாரம். மேலே சொன்ன பாரத் கிருஹ ரக்ஷாவில் மொத்தம் 5 லட்சம் வரை, ஒரு நகை 1 லட்சத்துக்கு மேல் போகாமல் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்பதில்லை. கிராம் 9,000 ரூபாய் என்று வைத்தாலே ஒரு 2 பவுன் வளையல் 1,44,000 ஆகிவிடுகிறது. அந்தச் சலுகையை நம்ப முடியாது.

படம் எடுப்பதற்குப் பெரிய கேமரா வேண்டாம். வெள்ளைத்தாளில் நகையை வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து முன்பக்கம், பின்பக்கம், கொக்கி அல்லது திருகு, முத்திரை இவற்றை நெருக்கத்தில் எடுங்கள். எடைமேடையில் வைத்து எண் தெரிய ஒரு படம். கூடவே அதை அணிந்திருக்கும் கல்யாணப் படம் ஒன்று. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொண்டால் போதாது; அனுப்பும்போது தேதி விவரம் அழிந்து தரம் குறைகிறது. மூலக் கோப்பையே மின்னஞ்சலிலோ இணையச் சேமிப்பிலோ போட்டு, ஒரு நகலை வேறு வீட்டில் வையுங்கள்.

எல்லாத் தாளும் சரியாக இருந்தும் தொகை பாதியாவது எப்படி என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு குடும்பத்திடம் 40 பவுன், அதாவது 320 கிராம். பாலிசி எடுத்தபோது கிராம் 5,000 என்று 16 லட்சத்துக்கு எடுத்தார்கள். வருடாவருடம் அதே தொகைக்குப் புதுப்பித்தார்கள். திருட்டு நடந்தபோது கிராம் 9,000. இருந்த நகையின் மதிப்பு 28,80,000. போனது 12 பவுன், 96 கிராம், இழப்பு 8,64,000. காப்பீட்டுத் தொகை 16 லட்சம் இருக்கிறதே, முழுதும் வந்துவிடும் என்று குடும்பம் நினைக்கும். உண்மை மதிப்பைவிடக் குறைவாகக் காப்பீடு எடுத்திருந்தால் அதே அளவுக்கு இழப்பீட்டையும் குறைக்கும் விகிதாசார விதி பாலிசியில் இருந்தால், 28.8 லட்சத்துக்கு 16 லட்சம் என்ற விகிதத்தில்தான் கிடைக்கும்: 4,80,000. பழைய விலையான 5,000-ஐ 96 கிராமால் பெருக்கினாலும் இதே தொகைதான் வரும். விலை ஏறியதன் சுமை முழுதும் பாலிசிதாரர் தலையில். ஆகவே புதுப்பிக்கும் மாதத்தில் அன்றைய விலையில் பட்டியலைக் கூட்டிப் பார்த்துத் தொகையைத் திருத்தச் சொல்லுங்கள். நகையின் மதிப்பை நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையில் எடுத்தால் இந்த விகிதச் சண்டை இல்லை, ஆனால் அந்த மதிப்பும் பழையதாகிவிடும்.

திருட்டு தெரிந்த அன்று உடைந்த பூட்டை, நெம்பிய ஜன்னலைத் தொடாமல் படம் எடுங்கள். கன்னக்களவு பாலிசிக்கு வன்முறையால் உள்ளே நுழைந்த அடையாளம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2004-இல் சொல்லியிருக்கிறது. திறந்திருந்த கதவு வழியாகவோ வேலைக்கு வந்தவரிடம் இருந்த சாவியாலோ போனது அந்தச் சொல்லுக்குள் வராது. அதற்குத் 'திருட்டு' என்று தனியே எழுதிய பாதுகாப்பு வேண்டும். காவல் நிலையத்தில் புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பாமல் எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லி, உங்கள் பட்டியலை எடையோடு புகாரிலேயே இணையுங்கள். அவசரத்தில் 'சுமார் 10 பவுன்' என்று எழுதிவிட்டு, கிளெய்மில் 12 என்று போட்டால் இரண்டு பவுனுக்கும் விளக்கம் கேட்பார்கள். நிறுவனத்துக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். நகை கிடைக்கவில்லை என்ற போலீஸின் இறுதி அறிக்கையைப் பிறகு கேட்பார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

லாக்கரில் இருப்பதற்கு வங்கி பொறுப்பு என்று விட்டுவிட முடியாது. ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கி தரவேண்டிய உச்சம் ஆண்டு வாடகையின் 100 மடங்கு. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். லாக்கரில் உள்ளவற்றுக்கு வங்கி காப்பீடு விற்கவும் கூடாது. உங்கள் பாலிசியில் நகை இருக்கும் இடமாக அந்த வங்கிக் கிளையின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.