வால்வ் வானொலியின் பெயர்த் தகடும் அதன் உண்மையான வயதும்

திருகோணமலையில் என் திருத்தகத்திற்கு வரும் வால்வ் வானொலிகளில் பாதிக்கு மேல் "போர்க்காலத்து வெள்ளைக்காரத் துரை தந்தது" என்ற கதையுடன்தான் வருகின்றன. அண்மையில் உப்புவெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பிலிப்ஸ் பெட்டியையும், 1943இல் கடற்படை அதிகாரி ஒருவரிடம் தம் அம்மப்பா வாங்கியதாகவே அவர் சொன்னார்.

பின்மூடித் தகட்டைக் கடற்காற்றின் உப்பு அரித்திருந்ததால் B5X6 என்ற தொடக்கம் மட்டுமே தெரிந்தது. ஆயினும் அதுவே போதுமானதாக இருந்தது. 1950களின் நடுப்பகுதியிலிருந்து வந்த ஐரோப்பிய பிலிப்ஸ் மேசை வானொலிகளில், X எழுத்தை அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தைக் குறிக்கும். எனவே இது 1956ஆம் ஆண்டு மாதிரி. ஆனால் BX480A போன்ற முந்தைய எண்களில் X-க்குப் பின்வரும் முதல் இலக்கம் தரத்தையும் இரண்டாவது இலக்கம் ஆண்டையும் காட்டுவதால், இரு முறைகளையும் குழப்பிக்கொண்டால் கணக்குப் பிழைத்துவிடும்.

பின்மூடி வேறொரு பெட்டியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் என்பதால் தகட்டை மட்டும் நம்பாமல் வால்வுகளையும் பார்த்தேன். அவை ஒன்பது ஊசிகள் கொண்ட நோவல் அடியுடையவை. போர்க்காலத்தில் அந்த அடியே புழக்கத்தில் இல்லை. ECH81 வால்வின் கண்ணாடி அடிப்பகுதியில், சிறு முக்கோணத்தை அடுத்து 5L3 என்றிருந்தது. முக்கோணம் நெதர்லாந்தின் ஹீர்லன் தொழிற்சாலையையும், 5 என்பது 1955ஐயும், L என்பது பன்னிரண்டாம் மாதத்தையும், 3 என்பது வாரத்தையும் குறிக்கின்றன. 1956இல் விற்பனைக்கு வந்த பெட்டிக்கு இது மிகவும் பொருந்துகிறது. EL84 வால்விலோ B1G2 என்றிருந்தது. B என்பது பிலிப்ஸின் பிரித்தானியக் கிளை நிறுவனமான முலார்டின் பிளாக்பர்ன் தொழிற்சாலை. 1951இல் EL84 வந்திருக்கவே இல்லை என்பதால் அந்த 1 என்பது 1961, அதாவது பின்னர் மாற்றப்பட்ட வால்வு. ஒரே வால்வைப் பார்த்து ஆண்டு சொல்பவர்கள் தவறுவது இங்கேதான்.

இந்தக் குறியீட்டைத் தேடும்போது கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், ஏனெனில் மேலே அச்சிட்ட பெயர் விரல் பட்டாலே அழிந்துவிடும் (நானே இரண்டை அழித்திருக்கிறேன்). பெட்டியை மின்னில் செருகிப் பார்ப்பதும் கூடாது. பழைய கடதாசிக் கப்பாசிற்றர் கசிந்தால் வெளியீட்டு வால்வு எரிந்துவிடும், மாதிரி எண் U என்று முடியும் பெட்டிகளில் உள்ளிருக்கும் உலோகத் தட்டிலேயே மின் பாயக்கூடும்.

மரப்பெட்டியின் முகப்பிலிருந்த பியானோக் கட்டை போன்ற வெள்ளைப் பொத்தான்களும் 1950களின் பாணிதான். ஆனால் பெட்டியை உள்ளூர்த் தச்சர்கள் மாற்றியிருக்க வாய்ப்புண்டு என்பதால், அதனை நான் கடைசிச் சாட்சியாகவே எடுத்துக்கொள்வேன்.

வந்தவரின் முகம் வாடியது. ஆனால் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை ஒப்படைத்துப் போனது 1957 ஒக்டோபரில். புறப்பட்ட அதிகாரி ஒருவர் ஓராண்டுப் பழசான வானொலியை விற்றுவிட்டுப் போயிருந்தால், அம்மப்பா சொன்ன கதையில் ஆண்டு மட்டும்தான் பிசகு.