சமையல் வகுப்பு ஸ்லைடுகள்: பொருள் பட்டியலும் எண் போட்ட படங்களும்

ஒரே ஸ்லைடைப் பார்த்து பத்துப் பேர் ரொட்டி மாவு பிசைகிறார்கள். நாலு பேருக்குக் கல் போல இறுகிவிடுகிறது, இரண்டு பேருக்குக் கையெல்லாம் ஒட்டுகிறது. பிசைந்த விதத்தைக் குறை சொல்வதற்கு முன், பொருள் பட்டியல் ஸ்லைடைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அதில் ‘மைதா 4 கப்’ என்று இருக்கும்.

மாவைக் கரண்டியால் தளர்வாக அள்ளிப் போட்டால் ஒரு கப் 125 கிராம் வரும். கப்பையே மாவுக்குள் அமிழ்த்தி எடுத்தால் 140 கிராமுக்கும் மேலே போகும். நாலு கப்பில் இந்த வித்தியாசம் 60 கிராம். 500 கிராம் மாவுக்கு 325 மி.லி. தண்ணீர் என்றால் 65 சதவீதம், மாவு மிருதுவாக வரும். அதே தண்ணீரை 560 கிராமில் ஊற்றினால் 58 சதவீதம்தான், மாவு இறுகிவிடும். அதனால் மாவு, உப்பு, ஈஸ்ட் மூன்றையும் கிராமில் எழுதுங்கள். மேசைக்கு ஒரு தராசு வையுங்கள்.

பட்டியலை எந்த வரிசையில் எழுதுவது? பயன்படுத்தும் வரிசையில். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அது எந்தப் படியில் சேரும் என்ற எண்ணையும் போடுங்கள். பிரித்துச் சேர்க்கும் பொருள் இருந்தால் இரண்டு வரியாக எழுதுங்கள். ‘எண்ணெய் 30 மி.லி.’ என்று ஒரே வரியாக இருந்தால் பாதிப் பேர் முப்பதையும் மாவில் ஊற்றிவிடுவார்கள், பிறகு அச்சில் தடவ எண்ணெய் இருக்காது. இப்படி இருக்க வேண்டும்:

மைதா 500 கிராம் (படி 1)
உடனடி ஈஸ்ட் 7 கிராம் (படி 1)
உப்பு 10 கிராம் (படி 1)
வெதுவெதுப்பான தண்ணீர் 325 மி.லி. (படி 2)
எண்ணெய் 20 மி.லி. (படி 2)
எண்ணெய் 10 மி.லி., அச்சுக்கு (படி 5)

இதே ஸ்லைடின் அடியில் ‘கோதுமை உள்ளது’ என்று தனி வரியில் எழுதுங்கள். பால், முட்டை, எள், கொட்டைகள் சேர்ந்தால் அவற்றையும் எழுதுங்கள். மைதா கோதுமையிலிருந்து வருவது என்று எல்லோருக்கும் தெரியும் என நினைத்துவிடக் கூடாது. ஒவ்வாமை உள்ளவர் மாவில் கை வைப்பதற்கு முன்பே இதைப் படித்திருக்க வேண்டும்.

இனி படங்கள். பலரும் செய்கையைத்தான் படம் எடுக்கிறார்கள்: கை பிசைகிறது, கை ஊற்றுகிறது. கற்றுக்கொள்பவருக்குத் தெரிய வேண்டியது, எப்போது நிறுத்துவது என்பதுதான். மாவு பிசையும் படி 3-க்கு இரண்டு படம் போதும். ஒன்று, இழுத்ததும் கிழியும் மாவு, ‘இன்னும் பிசையுங்கள்’ என்ற குறிப்போடு. இன்னொன்று, மெல்லிய சவ்வாக விரிந்து பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரியும் மாவு, ‘நிறுத்தலாம்’ என்ற குறிப்போடு. மாவு உப்பும் படி 4-க்கு ஒரே கண்ணாடிப் பாத்திரம், ஒரே கோணம். பிசைந்தவுடன் மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு ஒரு படம், இருமடங்கானதும் ஒரு படம். ரப்பர் பேண்ட் இல்லாவிட்டால் எவ்வளவு உயர்ந்தது என்று யாருக்கும் பிடிபடாது. சமைப்பவரின் தோளுக்கு மேலிருந்து எடுத்தால், பார்ப்பவரின் கைப்பக்கமும் படத்தின் கைப்பக்கமும் ஒத்துப்போகும். எதிரிலிருந்து எடுத்தால் மாவை மடிக்கும் படியில் இடம் வலம் குழம்பும்.

சுடும் படியில் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ப்ரொஜெக்டர் பழுப்பு நிறத்தை வெளிறச் செய்துவிடும். திரையில் வெளிறிய பொன்னிறமாகத் தெரிவது நிஜத்தில் நன்றாகச் சிவந்த ரொட்டியாக இருக்கலாம். வெளிறிய, சரியான, கருகிய மூன்று ரொட்டிகளை ஒரே படத்தில் பக்கம் பக்கமாக வைத்தால் கண் ஒப்பிட்டுக்கொள்ளும். கூடவே ‘அடியில் தட்டினால் காலிப் பெட்டி போல ஒலிக்கும்’ என்று எழுதிவிடுங்கள்.

எண்களில் வரும் குழப்பம் சின்னதுதான், ஆனால் வகுப்பையே நிறுத்திவிடும். தலைப்பு ஒன்றாவது ஸ்லைடு, பொருள் பட்டியல் இரண்டாவது என்றால், படி 1 மூன்றாவது ஸ்லைடில் விழும். ‘மூன்றைப் பாருங்கள்’ என்றதும் சிலர் ஸ்லைடு எண்ணைத் தேடுவார்கள். ஸ்லைடு எண்ணை எடுத்துவிட்டு, படி எண்ணை மட்டும் படத்தின் இடது மேல் மூலையில் அடர்த்தியான வட்டத்துக்குள் பெரிதாகப் போடுங்கள். ஒரே படிக்கு இரண்டு படம் என்றால் 3அ, 3ஆ. பிறகு படத்தையும் வட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பவர்பாயிண்டில் `Ctrl+G` அழுத்திக் குழுவாக்கிவிடுங்கள். படத்தை நகர்த்தும்போது எண் பழைய இடத்திலேயே தங்கிப்போவது இதனால் நிற்கும். நடுவில் ஒரு படி சேர்த்தால் பட்டியல் ஸ்லைடிலுள்ள படி எண்களையும் மாற்ற வேண்டும், இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள்.

முடித்ததும், ரொட்டி செய்தே பழகாத ஒருவரிடம் எழுத்தை மறைத்துப் படங்களை மட்டும் காட்டி, ஒவ்வொன்றிலும் என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள். அவர் தயங்கும் எண்ணுக்குரிய படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும்.