‘உரிமம் பெற்ற மருந்தகம்’ என்றால் யாருடைய உரிமம்?

கோத்தகிரியில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். திருப்பூரில் இருக்கும் மகன் இணையத்தில் ஆர்டர் போட்டுக் கொடுத்தார். கடை விலையைவிடக் குறைவு. அந்தத் தளத்தின் அடியில் ‘அரசு உரிமம் பெற்ற மருந்தகம்’ என்று எழுதி, பக்கத்தில் நீளமாக ஓர் எண்ணும் போட்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் பெட்டி வந்தது. உள்ளே வைத்திருந்த ஜெல் பை உருகி, கைச்சூட்டில் இருந்தது. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து அனுப்ப வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், ‘மருந்துகளைத் திரும்பப் பெறுவதில்லை’ என்று ஒரே பதில். மனு எழுதித் தரச் சொல்லி பில்லோடு என்னிடம் வந்தார்.

நான் முதலில் பார்த்தது தளத்தில் இருந்த அந்த எண்ணைத்தான். 14 இலக்கம். அது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண். சத்துமாவும் வைட்டமின் பொடியும் விற்க வாங்கியது. மருந்து விற்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் எண் உண்மையானது, அரசு கொடுத்தது. ஆகவே யாரும் சந்தேகப்படுவதில்லை. சில தளங்களில் 15 எழுத்துள்ள ஜி.எஸ்.டி. எண் இருக்கும். சிலவற்றில் நிறுவனப் பதிவு எண். அட்டையில் அச்சிட்டிருக்கும் உற்பத்தி உரிம எண்ணையே காட்டி ‘இதோ லைசென்ஸ்’ என்று சொல்பவர்களும் உண்டு; அது மருந்தைத் தயாரித்தவருடையது, விற்றவருடையது அல்ல.

உண்மையில் ‘இணைய மருந்தகம்’ என்ற பெயரில் தனி உரிமமே நம் நாட்டில் இல்லை. அதற்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. அவை வரைவாகவே கிடக்கின்றன. எனவே எந்தத் தளமாவது ‘மத்திய அரசின் இணைய மருந்தக உரிமம்’ என்று பெருமையடித்தால், அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடலாம். இருப்பது பழைய சட்டம்தான். 1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டத்தின்கீழ், ஒரு குறிப்பிட்ட முகவரியில் இருக்கும் கடைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உரிமம் தருகிறது. தளத்துக்கோ செயலிக்கோ அல்ல.

ஆகவே பார்க்க வேண்டியது பில் யார் பெயரில் வருகிறது என்பதை. அந்த அம்மாவின் பில்லில் தளத்தின் பெயரே இல்லை. நாம் கேள்விப்படாத ஒரு நிறுவனம், பெங்களூரு புறநகரில் ஒரு கிடங்கின் முகவரி, மருந்து உரிமத்தைக் குறிக்கும் D.L. No. என்ற இடத்தில் இரண்டு எண்கள். ஒன்றில் 20B, இன்னொன்றில் 21B. அந்த ‘B’யில்தான் விஷயமே இருக்கிறது. 20, 21 என்ற படிவங்களில் தரும் உரிமம் சில்லறை விற்பனைக்கு. 20B, 21B மொத்த விற்பனைக்கு. மொத்த வியாபாரி கடைக்கும் மருத்துவமனைக்கும் விற்கலாம். நோயாளிக்கு நேரடியாக விற்க அந்த உரிமம் போதாது. இன்சுலின், தடுப்பூசி போன்றவற்றுக்குப் படிவம் 21 இருந்தாக வேண்டும். படிவம் 20 மட்டும் வைத்திருக்கும் கடை மாத்திரை விற்கலாம், இன்சுலின் விற்கக்கூடாது. பல மாநிலங்களில் உரிம எண்ணுக்குள்ளேயே இந்த 20, 21 தெரியும். தெரியாவிட்டால் கேட்டுவிட வேண்டியதுதான்.

பில் வருவது பணம் கட்டிய பிறகு. அதற்கு முன்னால் என்ன செய்வது? விற்பவரின் பெயரையும் முகவரியையும் வாங்குபவர் பார்க்கும்படி தளம் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. எங்காவது ஒரு மூலையில் ஒளித்து வைத்திருப்பார்கள். கிடைக்காவிட்டால் எழுத்தில் கேளுங்கள்: “இந்த மருந்துக்கு எந்தக் கடையின் பெயரில் பில் வரும்? அதன் முகவரி என்ன? படிவம் 20, 21 உரிமங்களின் படம் அனுப்புங்கள்.” ‘எங்களோடு இணைந்த மருந்தகங்கள் அனைத்தும் உரிமம் பெற்றவை’ என்று பதில் வந்தால் அது பதிலே அல்ல. ஆர்டர் போடாதீர்கள்.

படம் வந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். அடுத்தவர் கடை உரிமத்தின் படத்தை அனுப்புவது பெரிய வித்தை அல்ல. உரிமத்தில் உள்ள கடையின் தொலைபேசி எண்ணை நீங்களாகவே தேடி எடுத்து, இந்தத் தளத்துக்கு அவர்கள் மருந்து கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். முடிவுத் தேதியைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். 2017இல் விதி மாறியது; இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்டினால் உரிமம் தொடரும். பழைய தாளில் காலம் கடந்த தேதி இருந்தால் அந்தக் கட்டண ரசீதைக் கேட்க வேண்டும். இதெல்லாம் போக, மருந்துச் சீட்டே கேட்காமல் இன்சுலினையோ ஆன்டிபயாடிக்கையோ கூடையில் போட விடும் தளமாக இருந்தால் உரிமத்தைத் தேடி மெனக்கெடவே வேண்டாம்.

தூரத்தையும் கவனியுங்கள். 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக மருந்தை வீட்டுக்கு அனுப்ப அனுமதித்த மத்திய அரசின் அறிவிப்பே, கடை இருக்கும் வருவாய் மாவட்டத்துக்குள் என்றுதான் வரம்பு வைத்தது. குன்னூர்க் கடை கோத்தகிரிக்கு அனுப்புவது வேறு. பெங்களூரு கிடங்கிலிருந்து கூரியரில் மலையேறி வருவது வேறு.

இனி அலைச்சல். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனோம். கடை கர்நாடகத்தில் இருக்கிறது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது, அங்கே எழுதுங்கள் என்றார்கள். அங்கே எழுதினோம், நோயாளி தமிழ்நாட்டில் இருப்பதால் உங்கள் ஊரில் புகார் கொடுங்கள் என்று பதில் வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த உரிமத்தைப் பற்றிக் கேட்கலாம்தான். பதிலுக்கு 30 நாள் அவகாசம் அவர்களுக்கு உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்பவர் 30 நாள் காத்திருக்க முடியாது என்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள். உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு மனுவாகக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ‘எங்கள் எல்லையில் இல்லை’ என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் மனுவை வாங்கிக்கொள்கிறார்கள். மருந்தின் மேலேயே சந்தேகம் இருந்தால், மருந்துகள் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். கவுண்டரில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

பணத்தைத் திரும்பப் பெற வழி வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. நீலகிரிக்காரர்களுக்கு ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துகொள்ளலாம். பில், பெட்டி, ஜெல் பை, திறக்கும்போது எடுத்த படம், தளத்தில் அந்த எண் இருந்த பக்கத்தின் படம் எல்லாம் வேண்டும். புகார் கொடுத்ததும் அந்தப் பக்கம்தான் முதலில் மாறும்.

அந்த அம்மாவின் விஷயத்திலும் அப்படியே நடந்தது. ஆணையத்துக்குப் போகப் போகிறோம் என்று மனு நகலோடு தளத்துக்கு எழுதிய எட்டாம் நாள் பணம் திரும்பி வந்தது. கூடவே, அந்த 14 இலக்க எண்ணும் தளத்திலிருந்து காணாமல் போனது. ‘அரசு உரிமம் பெற்ற மருந்தகம்’ என்ற வரி மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.