புடைப்பா, பொறிப்பா? தஞ்சாவூர்த் தட்டின் மேல் ஒட்டப்படும் சொற்கள்

பித்தளைத் தட்டின்மேல் வெள்ளி அல்லது செம்பு உருவங்களை எழுப்பிப் பதித்த தஞ்சாவூர்த் தட்டு விற்கும் கடைகளிலும் அதை விவரிக்கும் விளம்பரங்களிலும் ‘உருவம் பொறிக்கப்பட்ட கலைத் தகடு’ என்ற தொடரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதில் பொறிப்பு, தகடு என்ற இரண்டு சொற்கள் அந்தப் பொருளுக்குப் பொருந்தவில்லை. கலை என்பது இல்லாவிட்டாலும் குறைவில்லை. ஆங்கிலத்தில் ‘எம்பாஸ்ட் ஆர்ட் பிளேட்’ என்று எவரோ எழுதிவைத்ததைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதன் விளைவு இது. தட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் இப்படி எழுத வந்திருக்காது.

‘எம்பாஸ்’ என்பதன் அடியில் இருப்பது மேடு, வீக்கம் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். உலோகத் தகட்டைப் பின்புறத்திலிருந்து தட்டி முன்புறம் எழச் செய்யும் வேலைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரான ‘ரெபூஸே’ தள்ளப்பட்டது என்ற பொருளைத் தருவது. இரண்டிலும் கருத்து ஒன்றே: பரப்பு மேலே எழ வேண்டும். தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டிய தேவையே இல்லை. கோயில் சுவரில் பாதி எழுந்து நிற்கும் உருவத்தைப் புடைப்புச் சிற்பம் என்றுதான் நெடுங்காலமாக எழுதிவருகிறோம். புடைத்தல் என்றால் வீங்கி எழுதல். நையப் புடைத்தல் என்று சொல்லும்போது அடித்தல். அடித்து எழுப்பிய உருவத்துக்கு, அடித்தலையும் எழுதலையும் ஒரே வினையில் வைத்திருக்கும் சொல்லைவிடப் பொருத்தமானது எது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையைச் செய்பவர்களை ஊர் தட்டார் என்று அழைப்பதும் தட்டுகிற தொழிலை வைத்துத்தான்.

பொறிப்பு என்பதை ஆதரிப்பவர்களுக்கு ஒரு வாதம் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பொறி என்பது அடையாளம், இலச்சினை. கரிகாலன் இமயத்தில் புலி பொறித்தான் என்கிறோம். செப்பேட்டில் எழுத்துப் பொறித்தார்கள் என்கிறோம். அங்கே எழுத்து உலோகத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஆனால் புலி பொறித்த காசு என்றும் சொல்கிறோம். அங்கே புலி மேலே எழுந்திருக்கிறது. ஆகவே இறங்கினாலும் எழுந்தாலும் பொறிப்பு என்ற ஒரே சொல் போதும் என்பது அவர்கள் கட்சி. சொல்லின் பழமையை நான் மறுக்கவில்லை. அந்தப் பழமைதான் இங்கே இடைஞ்சல். பொறித்தல் என்ற வினை அடையாளம் இட்டதை மட்டும் சொல்கிறது. அடையாளம் எந்தப் பக்கம் போயிற்று, எதைக் கொண்டு இடப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வியோ அந்த இரண்டும்தான். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காசு எப்படி உருவாகிறது? உருவம் குழியாக வெட்டப்பட்ட அச்சின் கீழ் உலோகத்தை வைத்து ஒரே அடியில் பதிக்கிறார்கள். பிரஸ்ஸில் டை வைத்து அழுத்தி எடுக்கும் சுற்றுலாக் கடைத் தட்டும் ஏறக்குறைய அதே முறையில் பிறப்பதுதான். அப்படியானால் காசுக்குப் பொருந்தும் பொறிப்பு என்ற சொல் போலித் தட்டுக்குத்தான் பொருந்தும். கைவேலையின் தலையில் அதைக் கட்டுவது தலைகீழான காரியம்.

தகடு என்பதும் இப்படித்தான். உலோகம் மெல்லிய பரப்பாக இருக்கும் நிலையில் தகடு. அதற்கு விளிம்பும் வடிவமும் வந்துவிட்டால் தட்டு. தஞ்சாவூர் வேலையில் இரண்டும் இருக்கின்றன, வெவ்வேறு இடங்களில்: அடியில் இருப்பது பித்தளைத் தட்டு, மேலே உருவமாக எழுவது வெள்ளித் தகடு அல்லது செம்புத் தகடு. இந்த வேற்றுமையை அழித்துவிட்டால் அந்தக் கலையின் கட்டுமானமே புரியாமல் போகும். ‘கலை’ என்ற முன்னொட்டைப் பற்றி நான் பெரிதாகச் சண்டையிடப் போவதில்லை. புவிசார் குறியீட்டுப் பதிவில் ஆங்கிலத்தில் ‘தஞ்சாவூர் ஆர்ட் பிளேட்’ என்று ஏறிவிட்டதால் கலைத்தட்டு என்பது நிலைத்துவிட்டது; ஆனாலும் தஞ்சாவூர்த் தட்டு என்று சொன்னால் எந்தத் தட்டு என்று எவரும் கேட்பதில்லை.

தட்டு உருவாகும் வழியைப் பார்த்தால் சொல் தானாக அமையும். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், அதாவது 1798-க்கும் 1832-க்கும் இடையில், இந்த வேலை தொடங்கியது என்பது வழக்கு. நடுவில் நடராசரும் சுற்றிலும் பூவிதழ்களும் கொண்ட ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் பித்தளையை வட்டமாக வெட்டி, தட்டி, விளிம்பு எடுத்து, மெருகேற்றி அடித்தட்டு தயாராகிறது. தனியாக, உருவம் குழியாக வெட்டப்பட்ட ஓர் அச்சின் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டை வைத்துத் தட்டி இறக்குகிறார்கள். ஒரே மூச்சில் ஆழமாக இறக்க முயன்றால் தகடு கிழியும். அடி வாங்க வாங்க உலோகம் இறுகிப்போகும் என்பதால் இடையில் நெருப்பில் காட்டி இளக்கிக்கொள்ள வேண்டும். தகட்டை அச்சிலிருந்து பிரித்தெடுக்கும்போது நடராசர் எழுந்திருப்பார், ஆனால் அரைத் தூக்கத்தில்: திருமுகம் மழுங்கியிருக்கும், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், திருவாசியின் சுடர்கள் வெறும் மேடுகளாக இருக்கும்.

இனிதான் கைவேலை. உருவத்தின் பின்புறக் குழிவை அரக்கால் நிரப்புகிறார்கள். அந்த அரக்கு தாங்கிக்கொள்ள, முன்புறத்திலிருந்து சிற்றுளிகளால் தட்டித் தட்டிக் கண், நகை, சடை, விரலிடை எல்லாவற்றையும் பிரித்தெடுக்கிறார்கள். பட்டறையில் இதற்கு நகாசு வேலை என்று பெயர். அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த இந்தச் சொல்லைக் களைந்து நுண்பொறிப்பு என்றோ வேறு எப்படியோ மாற்ற விரும்புவோர் இருப்பார்கள். தமிழ்ச் சொல் இருக்கும் இடத்தில் பிறமொழிச் சொல் வேண்டாம் என்பதில் நானும் பிடிவாதக்காரன்தான். ஆனால் எந்த உளியால், எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நிலையில் செய்யும் வேலை என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. அதைச் சொல்லுகிறவர் உளியைப் பிடித்தவர். அகராதியில் உட்கார்ந்து அதை வெளியேற்ற நமக்கு உரிமை இல்லை.

கடைசியாக, உருவத்தின் எல்லையை அடித்தட்டில் வரைந்து, அந்தக் கோட்டின்மேல் காடி என்னும் சிறு பள்ளம் வெட்டி, வெள்ளித் தகட்டின் ஓரத்தை அந்தக் காடிக்குள் இறக்கி அடித்து இறுக்குகிறார்கள். இப்படிப் பார்த்தால் கைவேலைத் தட்டிலும் ஓர் அச்சு இருக்கிறது என்பது தெரியும். ‘அச்சே தொடாதது கைவேலை’ என்று விற்பவர் சொன்னால் அவருக்கு வேலை தெரியாது என்று பொருள். ஒரே பட்டறையில் செய்த இரண்டு நடராசர்களின் வெளிக்கோடு ஒத்திருப்பதில் வியப்பில்லை. ஒத்திருக்கக் கூடாதவை நகாசின் தடங்கள்.

ஆகவே பார்க்க வேண்டிய இடம் உருவத்தின் வடிவமல்ல, அதன் சிறு கோடுகள். வட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் இதழ்களில் அடுத்தடுத்த இரண்டை எடுத்துக்கொண்டு நரம்புக் கோடுகளை ஒப்பிட்டால், கைவேலையில் ஒன்றின் கோடு சற்று நீளும், மற்றொன்றின் உளித்தடம் விலகும். டையில் அழுத்தியதில் எல்லா இதழும் ஒரே இதழ். டையில் ஒரு சிறு கீறல் இருந்தால் அதே கீறல் எல்லாவற்றிலும் இருக்கும். கோட்டின் ஓரமும் வேறுபடும். உளி பட்ட கோடு வெளிச்சத்தில் கூர்மையாக மின்னும். அழுத்தி எடுத்த கோட்டின் விளிம்பு சோப்புக்கட்டியின் ஓரம்போல் உருண்டிருக்கும். அடுத்தது ஓரம். உருவம் தட்டோடு சேரும் எல்லையில் நகத்தை ஓட்டிப் பார்த்தால், காடியில் இறக்கியதில் நகம் தட்டாது. பசை வைத்து ஒட்டியதில் இடுக்கு அகப்படும். பழைய சரக்கானால் அந்த இடுக்கில் அழுக்கு கருங்கோடாகப் படிந்திருக்கும். உருவத்தின் வயிற்றுப் பகுதியில் கட்டைவிரலை இலேசாக வைத்தால் அரக்கு நிறைந்தது கெட்டியாக நிற்கும், வெறும் தகடு உள்ளே நெளியும்.

தட்டைத் திருப்பிப் பார்ப்பது மிக எளிய சோதனை. உருவம் தனித் தகடு என்பதால் நல்ல தட்டின் பின்புறம் வெறும் பித்தளையாக இருக்கும். ஒரே தகட்டில் எல்லாவற்றையும் அழுத்தி எடுத்த தட்டில் நடராசர் பின்புறத்தில் குழியாகத் தெரிவார். அதை மறைக்கத்தான் பெரும்பாலும் வெல்வெட் துணியோ அட்டையோ ஒட்டுகிறார்கள். ஆனால் இந்தச் சோதனை தஞ்சாவூர்த் தட்டுக்கு மட்டும்தான். சுவாமிக்குச் சாத்தும் கவசம்போல ஒரே தகட்டில் கையால் புடைத்தெடுத்த வேலையிலும் பின்புறம் குழிந்துதான் இருக்கும். அதைப் போலி என்று சொன்னால் தட்டாருக்கு இழைக்கும் அநீதி. ஏமாற்றக்கூடியது நடுவகைச் சரக்கு: நல்ல பித்தளைத் தட்டு, அதன்மேல் வெள்ளைப் பூச்சுப் பூசிய அழுத்தத் தகடுகள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பின்புறம் சுத்தமாக இருக்கும், எடையும் இருக்கும். அங்கே ஓரமும் இதழ்களும்தான் காட்டிக்கொடுக்கும். வெள்ளி காற்றில் கருக்கும் என்பதையும் நினைவில் வைக்கலாம். மேலே மெழுகோ வார்னிஷோ பூசாத பழைய தட்டு எங்குமே கருக்காமல் பளபளத்தால் ஐயப்பட வேண்டும்.

இனி அழுத்தித் தயாரித்த தட்டுக்கு என்ன பெயர்? ‘முத்திரையிடப்பட்ட வெள்ளித் தட்டு’ என்று ஒரு விலைச்சீட்டில் பார்த்தேன். ஆங்கிலத்தில் ‘ஸ்டாம்ப்ட்’ என்றிருந்ததை அகராதி பார்த்து மாற்றியிருக்கிறார்கள். வெள்ளிச் சாமானில் முத்திரை என்றால் வாங்குபவர் நினைப்பது தரமுத்திரையை, அதாவது ஹால்மார்க்கை. பிரஸ்ஸில் அடித்த பூச்சுத் தகட்டுக்குத் தரச்சான்று கிடைத்துவிட்டதாக அந்த ஒரு சொல் நம்பவைக்கிறது. மொழிபெயர்த்தவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்று வைத்துக்கொண்டாலும் பணத்தை இழப்பவர் வாங்குபவர்தான். இதற்கு அச்சழுத்தத் தட்டு என்று எழுதலாம். அது நீளமென்றால் பட்டறைக்காரர் சொல்வதுபோல ‘டை அடித்தது’ என்றே எழுதட்டும். தமிழின் தூய்மை குறைந்தாலும் பொய் இல்லை.

விலைச்சீட்டில் ‘பொறித்த கலைத் தகடு’ என்பதை அடித்துவிட்டு, கைவேலையானால் ‘பித்தளைத் தட்டு, வெள்ளிப் புடைப்பு, நகாசு கைவேலை’ என்றும், மற்றதானால் ‘பித்தளைத் தட்டு, பூச்சுத் தகடு, டை அடித்தது’ என்றும் எழுத ஒரு வரி போதும். கேட்டு வாங்குகிறவர்கள் அந்த வரியைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லலாம். எழுதத் தயங்குகிற கடையில் தட்டைத் திருப்பி, ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும்.