நாலரைப் பக்கத் திரைக்கதை ஐந்து நிமிடத்தில் அடங்குமா?

குறும்படங்களுக்கு எடிட்டிங் செய்வது என் வேலை. படப்பிடிப்பு முடிந்து, முதல் கட் போட்டுப் பார்த்த பிறகு "சார், ஒரு நிமிஷம் கூடுதலா வருது, எப்படியாவது குறைச்சுக் கொடுங்க" என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அந்த ஒரு நிமிடம் எடிட்டிங்கில் வந்து சேர்ந்ததல்ல. திரைக்கதையிலேயே இருந்தது; யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். படப்பிடிப்புக்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க முடியும்.

எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் எல்லையும் புரிந்துவிடும். ஆங்கிலத் திரைக்கதையை கூரியர் என்ற எழுத்துருவில், 12 புள்ளி அளவில், நிர்ணயித்த ஓரங்கள் விட்டு எழுதுவார்கள். கூரியரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். அதனால் யார் தட்டச்சு செய்தாலும் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ ஒரே அளவு விஷயம்தான் நிற்கும். அந்தப் பக்கத்தை எட்டாகப் பிரித்து, எட்டில் ஒரு பங்கு ஏழரை விநாடி என்றுகூடக் கணக்கிடுவார்கள்.

தமிழில் எழுதும்போது இந்த அடித்தளமே இல்லை. கூரியரில் தமிழ் எழுத்துகள் கிடையாது. நம் எழுத்துருக்களில் 'ண' எடுத்துக்கொள்ளும் இடம் வேறு, 'ர' எடுத்துக்கொள்ளும் இடம் வேறு. ஒரு பிரதியை ஒரு எழுத்துருவில் வைத்தால் நாலரைப் பக்கம் வரும்; இன்னொன்றுக்கு மாற்றினால் ஒரு பக்கத்துக்கு மேல் கூடிவிடும். எழுத்துருவை மாற்றியதால் படம் நீளாது, இல்லையா?

சரி, சொற்களை எண்ணலாம் என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். நிமிடத்துக்கு 150 சொல் என்று பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு ஆங்கிலப் பேச்சுக்கானது. தமிழ்ச் சொல் ஒட்டி ஒட்டி நீளும். 'வந்துகொண்டிருந்தார்களாம்' என்பது ஒரே சொல். சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அதையே இடம் விட்டு 'வந்து கொண்டு இருந்தார்களாம்' என்று எழுதினால் எண்ணிக்கை மூன்றாகிவிடும், பேசும் நேரம் மாறாது. இது போதாதென்று, கணினி காட்டும் சொல் எண்ணிக்கையில் காட்சித் தலைப்பு, பாத்திரங்களின் பெயர், செயல் விவரிப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். எண்ண வேண்டியது வசனத்தை மட்டும்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் பிரதிக்கு உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். வசனம் நிறைந்த ஒரு பக்கத்தை இரண்டு பேரிடம் கொடுத்து, நடிப்பது போலவே பேசச் சொல்லி ஸ்டாப்வாட்ச் வையுங்கள். எழுதியவர் மட்டும் வாசிக்கக் கூடாது. அடுத்த வசனம் அவருக்குத் தெரியும் என்பதால் இடைவெளியே விடாமல் ஓடிவிடுவார். மனத்துக்குள் வாசிப்பது இன்னும் மோசம்.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு பிரதியைச் சொல்கிறேன். போட்டியின் வரம்பு 5 நிமிடம், படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்களைக் காட்டும் எழுத்துப் பட்டியலும் அதற்குள் அடக்கம். தனியாக இருக்கும் அப்பாவைத் தன்னுடன் அழைத்துப்போக மகள் வருகிறாள், கதை அவ்வளவுதான். நாலரைப் பக்கம், அதாவது 4 நிமிடம் 30 விநாடி. தலைப்புக்கும் கடைசி எழுத்துக்கும் 25 விநாடி. மொத்தம் 4:55, அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்தார்கள்.

முதல் காட்சி கால் பக்கம்தான். அதில் இப்படி ஒரு வரி: "அப்பா ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டே வருகிறார். கடைசி அறையின் வாசலில் சாவியோடு நின்றுவிடுகிறார்." பக்கக் கணக்கில் அந்தக் காட்சிக்கு 15 விநாடி. இயக்குநரையே எழுந்து நடந்து காட்டச் சொன்னேன். மூன்று கதவு, மூன்று பூட்டு, அந்தக் கடைசித் தயக்கம்: 48 விநாடி. 'ஒவ்வொரு', 'தேடுகிறார்', 'காத்திருக்கிறார்' மாதிரியான சொற்கள் பிரதியில் அரை வரிகூடப் பிடிக்காது, திரையில் அரை நிமிடத்தை விழுங்கிவிடும். பிரதியைப் படிக்கும்போது அவற்றைத்தான் முதலில் வட்டமிடுவேன்.

இரண்டாவது காட்சி மூன்று பக்கம், வசனம் 300 சொல். இருவரை வைத்துப் பேசவிட்டதில் நிமிடத்துக்கு 100 சொல் வந்தது. ஆக 180 விநாடி, பக்கக் கணக்கோடு சரியாகப் பொருந்தியது. ஆனால் அந்த உரையாடலுக்கு நடுவே பதினொரு இடத்தில் மௌனம் குறித்திருந்தார்கள். ஒன்றுக்கு மூன்று விநாடி வைத்தாலும் 33. மொத்தம் 213.

மூன்றாவது காட்சியில் ஒரு பக்கத் தொலைபேசிச் சண்டை. சின்னச் சின்ன வரிகள், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுகிறார். பக்கம் 60 விநாடி என்றது, ஸ்டாப்வாட்ச் 37 என்றது. ஒரு சொல் வசனமும் ஒரு வரியை எடுத்துக்கொள்வதால் இப்படிப்பட்ட காட்சியில் பக்கம் கூட்டித்தான் காட்டும். கடைசிக் காட்சி கால் பக்கம், வசனமே இல்லை, 35 விநாடி.

கூட்டினால் 333 விநாடி. எழுத்துக்கான 25-ஐயும் சேர்த்தால் 5 நிமிடம் 58 விநாடி. பக்கக் கணக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தப்பியிருக்கிறது. வசனத்தை மட்டும் எண்ணி 150-ஆல் வகுத்திருந்தால் இரண்டரை நிமிடப் படம் என்றே நம்பியிருப்பார்கள்.

கையிருப்பாக 10 விநாடியும் வேண்டும், ஆக 68 விநாடி குறைக்க வேண்டும். பூட்டும் காட்சியைச் சுருக்கலாமே என்றார் தயாரிப்பாளர். கூடாது என்றேன், ஏனென்றால் படமே அதில்தான் இருக்கிறது. தொலைபேசிக் காட்சியை முழுக்க எடுத்தோம். ஒரு பக்கம் போயிற்று, கிடைத்தது 37 விநாடிதான். அதில் அவசியமான ஒரு செய்தியை 12 சொல்லில் இரண்டாவது காட்சிக்கு நகர்த்தியதால் 7 விநாடி திரும்பக் கூடியது. அப்புறம் அந்தக் காட்சியில் 45 சொல்லையும் நான்கு மௌனத்தையும் எடுத்தோம், அது 39 விநாடி. மொத்தம் 69 குறைந்து 4:49-இல் நின்றது.

போட்டி விதியைப் படிக்கும்போது எழுத்துப் பட்டியல் கணக்கில் உண்டா என்று முதலில் பாருங்கள். ஆஸ்கர் குறும்படப் பிரிவின் 40 நிமிடமும் கான் விழாவின் 15 நிமிடமும் எழுத்தையும் சேர்த்துத்தான். 48 ஹவர் ஃபிலிம் ப்ராஜெக்ட் போட்டியில் 4 முதல் 7 நிமிடம் என்பது முடிவு எழுத்து நீங்கலாக. இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் மேலே சொன்ன கணக்கு எல்லாமே வீண்.

ஸ்டாப்வாட்ச் மதிப்பீடும் மதிப்பீடுதான். நடிகர் ஒரு பார்வையை நிறுத்தி வைத்தால் நான்கு விநாடி போய்விடும், இயக்குநருக்கு அந்தப் பார்வை பிடித்துவிட்டால் நானும் அதை வெட்ட மாட்டேன். அந்த 10 விநாடிக் கையிருப்பு அதற்குத்தான். அப்பா மகள் படத்தில் கடைசி அறையின் வாசலில் அந்த நடிகர் நாங்கள் நினைத்ததைவிட அதிக நேரம் நின்றார். அப்படியே வைத்துக்கொண்டோம். படம் 4:53.