படிப்பு மேசைக்கு எதிரே எந்த வாக்கியம்?

சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வு நெருங்கும் மாதங்களில் ஆலோசனைக்கு வரும் மாணவர்களிடம், படிப்பு மேசைக்கு எதிரே என்ன எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்று கேட்பது என் வழக்கம். சுய உறுதிமொழி, பழமொழி, நீதிமொழி, முழக்கம் எல்லாம் பெரும்பாலும் ஒரே சுவரில் கலந்து கிடக்கும். யார், யாருக்கு, எப்போது சொல்வது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

உயர்நிலை நான்கில் பயிலும் ஒரு மாணவி (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) பள்ளியின் முன்னோட்டத் தேர்வில் கணிதத்தில் தேறவில்லை. அவருடைய சுவரில் ‘என்னால் எல்லாம் முடியும்’ என்று இருந்தது. அதைப் படிக்கும்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். “பொய்னு தோணுது,” என்றார். சுய உறுதிமொழி என்பது ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது. சொல்பவரே நம்பாதபோது, ஒவ்வொரு முறையும் மனம் அதற்கு மறுப்பைத் தேடும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஜோன் வுட்டும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் தாம் அன்புக்குரியவர் என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, அவ்வாறு சொல்லாதவர்களைவிடச் சோர்வாக உணர்ந்ததாகத் தெரியவந்தது.

வீட்டில் பாட்டி வேறு, ‘முதற் கோணல் முற்றும் கோணல்’ என்று சொல்லியிருக்கிறார். பழமொழி ஊரின் அனுபவம். நடந்து முடிந்ததற்குப் பொருள் சொல்லவும், பேச்சில் ஒரு சங்கடத்தை இதமாகக் கடக்கவும் அது பொருந்தும். இன்னும் எழுதாத தேர்வைப் பற்றிச் சொன்னால், கேட்கும் பிள்ளைக்கு அது தீர்ப்பாகிவிடுகிறது. பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. ‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான்.

நீதிமொழி, நடத்தைக்கு விதி சொல்வது. ஔவையாரின் ‘ஊக்கமது கைவிடேல்’ அத்தகையது. எப்படி நடப்பது என்று தயங்கும்போது அது வழிகாட்டும்; ஏற்கெனவே முயன்று களைத்தவருக்கோ குற்றஞ்சாட்டுவதாக ஒலிக்கும். வளர்தமிழ் இயக்கத்தின் ‘தமிழை நேசிப்போம், தமிழில் பேசுவோம்’ போன்ற முழக்கம் பலரை ஒரே திசையில் திரட்டுவதற்கானது. அதைத் தனியறையில் ஒட்டுவதில் தீங்கில்லை, பயனும் அதிகமில்லை.

அந்த மாணவியும் நானும் சேர்ந்து புதிய வாக்கியம் ஒன்றை எழுதினோம்: ‘ஒரு கணக்கு ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால், குறியிட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன், மீதி நேரத்தில் திரும்பி வருவேன்.’ முதலில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். மனம் மறுக்கவில்லை என்றார். பிறகு பழைய வினாத்தாளில் அவர் அவ்வாறே செய்து பார்த்தார். உறுதிமொழி எழுதும்போது நான் பார்ப்பது இவ்விரண்டையும்தான்: சொல்பவரால் இன்றே நம்ப முடிய வேண்டும், அவர் கையில் உள்ள ஒரு செயலைச் சொல்ல வேண்டும். மதிப்பெண் அவர் கையில் இல்லை. ஆகவே ‘ஏ1 எடுப்பேன்’ என்பதைச் சேர்க்கவில்லை.

உறக்கமும் பசியும் இரண்டு வாரத்திற்கு மேல் குலைந்திருந்தால் வாக்கியத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பள்ளி ஆலோசகரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்.